கடைசிப் பூஜ்யம் வெட்டுப்பட்டபோது: ஊறுகாய்ப் பக்கம் ஒன்றின் படங்களை மறுபடி எடுத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவேரிப்பட்டணத்தை அடுத்த ஓர் ஊரில் அக்காவும் தம்பியும் சேர்ந்து வீட்டிலேயே மாங்காய் ஊறுகாய், மாங்காய்த் தொக்கு, பூண்டு ஊறுகாய், நிப்பட்டு ஆகியவற்றைச் செய்து விற்று வருகிறார்கள். செய்வது அக்கா, படம் எடுப்பது, பதிவிடுவது, பார்சல் கட்டி அனுப்புவது தம்பி. 2022 முதல் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கமும் வாட்ஸ்அப்பில் ஒரு கேட்டலாகும் வைத்திருக்கிறார்கள். நான் கிருஷ்ணகிரியில் சிறு தொழில் செய்பவர்களுக்குப் பொருட்களைப் படம் எடுத்துத் தருகிறேன். அவரவர் கைப்பேசியிலேயே எடுத்துக்கொள்ளச் சொல்லியும் தருகிறேன். அப்படித்தான் இவர்கள் 2025 பிப்ரவரியில் என்னிடம் வந்தார்கள். அவர்களுடைய ஒப்புதலோடு இதை எழுதுகிறேன், பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அதுவரை தம்பி எல்லாப் படங்களையும் கைப்பேசிக் கேமராவில் 1:1 என்ற அளவைத் தேர்ந்தெடுத்துச் சதுரமாகவே எடுத்து வந்தார். இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்தால் வரிசைக்கு மூன்றாகத் தெரியும் கிரிட்டும் அப்போது சதுரமாகத்தான் இருந்தது. எடுத்த படம் எடுத்தபடியே ஃபீடிலும் கிரிட்டிலும் தெரிந்ததால், அவர் அந்த அளவைத் தேர்ந்தெடுத்ததில் தவறு ஏதும் இல்லை. படத்தின் இடது மேல் மூலையில் பொருளின் பெயரையும் வலது கீழ் மூலையில் விலையையும் பெரிய எழுத்தில் சேர்ப்பது அவருடைய வழக்கம்.

2025 ஜனவரியில் கிரிட்டின் கட்டங்கள் சதுரத்திலிருந்து 3:4 என்ற உயர வடிவத்துக்கு மாறின. ஏற்கெனவே ஏற்றியிருந்த சதுரப் படங்கள் ஃபீடில் அப்படியே இருந்தன. கிரிட்டில் மட்டும் அவற்றின் இரு பக்கங்களும் மறைந்தன.

முதலில் தெரிந்த அறிகுறி

ஜனவரிக் கடைசியில் ஓசூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர், "அக்கா, தொக்கு 18 ரூபாய்தானா? சாம்பிள் பாக்கெட்டா?" என்று கேட்டு எழுதியிருந்தார். அக்காவுக்குப் புரியவில்லை. 200 கிராம் பாட்டிலின் விலை 180 ரூபாய். படத்திலும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். தம்பி அந்தப் பதிவைத் திறந்து பார்த்தபோது ₹180 என்று சரியாகவே இருந்தது. வெளியே வந்து கிரிட்டைப் பார்த்த பிறகுதான் விலையின் கடைசிப் பூஜ்யம் அங்கே இல்லை என்பது தெரிந்தது. ₹18 என்ற எழுத்து ஒரு குறையும் இல்லாமல், யாரும் ஐயப்பட முடியாத அளவுக்கு முழுமையாக நின்றது.

கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். சதுரப் படம் அகலம் 1080, உயரம் 1080 பிக்சல். அதை 3:4 கட்டத்துக்குள் உயரம் குறையாமல் நிரப்பினால், 1080 உயரத்துக்கு 810 அகலம்தான் இடம் கிடைக்கும். மீதி 270 பிக்சல் இரு பக்கமும் பாதிப் பாதியாக, அதாவது பக்கத்துக்கு 135 பிக்சல் வீதம், மறையும். வலப்பக்கத்தில் 945ஆம் பிக்சலுக்குப் பிறகு இருப்பது எதுவும் கிரிட்டில் தெரியாது. அந்தப் படத்தில் கடைசிப் பூஜ்யம் ஏறத்தாழ 950இல் தொடங்கி 1015இல் முடிந்தது. பூஜ்யத்தின் பாதி வெட்டுப்பட்டிருந்தால் பார்ப்பவருக்கு ஐயம் வந்திருக்கும். அது முழுவதுமாக மறைந்ததால் பொய்யான விலை உண்மையைப் போல நின்றது. இடப்பக்கத்திலோ "மாங்காய்த் தொக்கு" என்ற பெயரின் முதல் எழுத்துகள் மறைந்து "காய்த் தொக்கு" என்று மட்டும் நின்றது.

அவர்களே செய்து பார்த்த சரிசெய்தல்

என்னிடம் வருவதற்கு முன்பே தம்பி ஒரு வழி செய்திருந்தார். பழைய சதுரப் படங்களின் மேலும் கீழும் வெள்ளைப் பட்டை சேர்த்து, 1080 அகலமும் 1350 உயரமும் கொண்ட 4:5 படங்களாக மாற்றி ஒன்பது பதிவுகளை மறுபடி ஏற்றியிருந்தார். விலை முழுதாகத் தெரிந்தது. அந்த அளவில் அது வேலை செய்தது. 4:5 படத்தை 3:4 கட்டத்தில் வைக்கும்போது பக்கத்துக்கு ஏறத்தாழ 34 பிக்சல் மட்டுமே மறைகிறது என்பதால், 1015இல் முடிந்த பூஜ்யம் பிழைத்துக்கொண்டது.

ஆனால் அந்தப் படங்கள் டியூப் லைட் வெளிச்சத்தில், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சுவரின் முன்னால் எடுக்கப்பட்டவை. மஞ்சளுக்கு மேலும் கீழும் பளிச்சென்ற வெள்ளைப் பட்டை வந்ததும், கிரிட் முழுவதும் கோடு போட்ட துணியைப் போலத் தெரிந்தது. பாட்டிலும் முன்பைவிடச் சிறுத்தது. மூல அளவிலேயே சதுரமாக எடுத்துவிட்டதால், மேலும் கீழும் விரித்துக்கொள்ள அந்தப் படங்களில் வேறு காட்சியே இல்லை. ஒவ்வொரு பதிவிலும் Adjust preview மூலம் கிரிட்டில் தெரியும் பகுதியை நகர்த்தலாம் என்றாலும், பெயர் ஒரு மூலையிலும் விலை எதிர் மூலையிலும் இருந்ததால் ஒன்றைக் காட்டினால் மற்றொன்று கூடுதலாக மறைந்தது.

நான் பார்த்தபோது கவனித்தவை

பிப்ரவரி நடுவில் அவர்கள் வீட்டுக்குச் சென்றபோது, முதலில் கேமராவைத் தொடாமல் பக்கத்தின் கிரிட்டை மட்டும் அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். விலை வெட்டுப்பட்டதைத் தவிர மூன்று குறைகள் தெரிந்தன. மூன்றும் தனிப் படமாகப் பார்க்கும்போது கண்ணில் படாதவை.

முதலாவது, மேசை விளிம்பின் கோடு. ஒரு படத்தில் அது பாட்டிலின் கழுத்தருகே போனது, அடுத்ததில் அடிப்பக்கத்தில், அதற்கடுத்ததில் சற்றுச் சாய்ந்து நடுவில். மூன்று படங்கள் பக்கம்பக்கமாக வரும்போது கண் அந்தக் கோட்டைத்தான் தொடர்ந்து போகிறது. அது ஏறி இறங்கினால் வரிசை முழுவதும் கலைந்தது போலத் தெரிகிறது. பின்னணியின் நிறம் படத்துக்குப் படம் மாறியிருந்ததைவிட இது அதிகம் உறுத்தியது. அக்கா அதுவரை நிறத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். நான் கோடுகளின் மேல் விரலை ஓட்டிக் காட்டியதும் உடனே பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது, பாட்டிலின் உருவம். மூடி பெரிதாகவும் அடி ஒடுங்கியும், தலை கனத்தது போல இருந்தது. தம்பி 1x லென்ஸில், பாட்டிலுக்கு அரையடிக்கும் குறைவான தொலைவில், சற்று மேலிருந்து எடுத்து வந்திருக்கிறார். அகன்ற கோணம் கொண்ட லென்ஸை அவ்வளவு நெருக்கத்தில் வைத்தால், கேமராவுக்கு அருகில் இருக்கும் மூடிக்கும் தள்ளி இருக்கும் அடிக்கும் தொலைவில் உள்ள வேறுபாடு விகிதத்தில் பெரிதாகிவிடும். அதுதான் உருவத்தைக் கெடுக்கிறது. இதை லென்ஸின் பழுது என்று நினைத்துப் புதுக் கைப்பேசி வாங்கப் போவதாகத் தம்பி சொன்னார். வேண்டாம் என்றேன்.

மூன்றாவது, எழுத்தின் அளவு. 1080 பிக்சல் அகலத் திரையில் கிரிட்டின் ஒரு கட்டம் ஏறத்தாழ 360 பிக்சல்தான் இருக்கும். படத்தில் 30 பிக்சல் உயரமுள்ள லேபிள் எழுத்து அங்கே 10 பிக்சல் ஆகிவிடும். தமிழ் எழுத்தில் சுழிகளும் புள்ளிகளும் அந்த அளவில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பூண்டு ஊறுகாயும் மாங்காய் ஊறுகாயும் ஒரே நிற லேபிளில் இருந்ததால், கிரிட்டில் அவற்றைப் பிரித்தறிய வழி இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எல்லாப் பொருட்களையும் மறுபடி எடுப்பது என்று முடிவு செய்தோம். பழையதை ஒட்டுப்போடுவதைவிட ஒரு பகல் வேலையாகப் புதிதாக எடுப்பதே குறைந்த உழைப்பு என்பதை அக்காதான் சொன்னார். மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் அவருக்கு நேரம் இருக்காது.

படம் எடுக்கும் அளவு 3:4 என்று வைத்துக்கொண்டோம். கைப்பேசிக் கேமராவின் சென்சார் இயல்பில் அந்த விகிதத்தில்தான் இருக்கிறது; 1:1, 9:16, Full என்ற மற்ற அளவுகள் எல்லாம் அதிலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை. 3:4இல் எடுத்தால் கேமரா பார்த்தது முழுவதும் கையில் இருக்கும், பிறகு எந்த அளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. ஒரே படம் மூன்று இடங்களில் மூன்று வடிவங்களில் தெரியப்போகிறது. அப்போது ஃபீடுக்கு ஏற்றக்கூடிய மிக உயரமான அளவு 4:5. கிரிட்டின் கட்டம் 3:4. வாட்ஸ்அப் கேட்டலாகின் சிறுபடம் சதுரம். 1080 அகலமும் 1440 உயரமும் கொண்ட 3:4 படத்தை 4:5 ஆக்கினால் மேலும் கீழும் 45 பிக்சல் போகும். சதுரமாக்கினால் மேலும் கீழும் 180 பிக்சல் போகும். 4:5ஆக ஏற்றியதைக் கிரிட் காட்டும்போது பக்கங்களில் 34 பிக்சல் போகும். மூன்று வெட்டுகளும் நடுவிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. ஆகவே பொருள் நடுவில் இருக்க வேண்டும். மேலிருந்தும் கீழிருந்தும் 180 பிக்சலைத் தாண்டி உள்ளே, சற்று மூச்சுவிட இடம் விட்டு நிற்க வேண்டும். பொருளை மூன்றில் ஒரு பங்குக் கோட்டின் மேல் ஒதுக்கி வைப்பது அழகு என்று படம் பிடிப்பவர்கள் சொல்வதுண்டு. இயற்கைக் காட்சிக்கு அது பொருந்தலாம். நடுவிலிருந்து வெட்டப்படப்போகும் பொருள் படத்துக்கு நான் அதை ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

இந்த எண்களைத் தம்பியிடம் ஒப்புவிக்கச் சொன்னால் இரண்டாம் நாளே மறந்துபோகும். கேமராவில் கட்டக்கோடுகளை இயக்கினால் திரை ஒன்பது கட்டங்களாகப் பிரிகிறது. 1440 உயரத்தில் ஒவ்வொரு வரிசையும் 480 பிக்சல். மேல் வரிசையின் பாதியில் மூடி, கீழ் வரிசையின் பாதியில் பாட்டிலின் அடி என்று வைத்துக்கொண்டால், மேலும் கீழும் 240 பிக்சல் வெற்றிடம் கிடைக்கும். பாட்டில் 960 பிக்சல் உயரம், அதாவது ஃபிரேமில் மூன்றில் இரண்டு பங்கு நிற்கும். 4:5இல் 195 பிக்சலும் சதுரத்தில் 60 பிக்சலும் மிச்சம் இருக்கும். "மூடி மேல் பாதி, அடி கீழ் பாதி" என்று ஒரு வாக்கியமாகச் சொன்னேன். அதைத் தம்பி கைப்பேசிக் கவரின் உள்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

உருவக் கோளாறுக்கு 2x வைத்து, பின்னால் தள்ளி நின்று எடுப்பதே மருந்து. 14 சென்டிமீட்டர் உயரமுள்ள 500 கிராம் பாட்டில் ஃபிரேமில் மூன்றில் இரண்டு பங்கு நிற்க, 1x லென்ஸில் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் தொலைவுக்கு நெருங்க வேண்டும். 2x வைத்தால் ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான தொலைவு வரும். அந்தக் கைப்பேசியில் 2x என்பது தனி லென்ஸ் இல்லை, நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். தரம் குறையுமே என்று தம்பி தயங்கினார். 12 மெகாபிக்சல் படம் 3000க்கு 4000 பிக்சல். 2x வெட்டிய பிறகு 1500க்கு 2000 மிஞ்சும். நமக்கு வேண்டியது 1080க்கு 1440தான். ஆகவே இந்த வேலைக்கு இழப்பு ஒன்றும் இல்லை. 3x, 4x என்று போகும்போதுதான் வேண்டிய அளவைவிடக் குறைவாக மிஞ்சி, படம் குழையத் தொடங்கும்.

மேசை விளிம்பை மறைக்க ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பரைச் சுவரிலிருந்து மேசை வரை மடிப்பு விழாமல் வளைத்து ஒட்டினோம். கோடே இல்லை என்றால் அது ஏறி இறங்கவும் வழியில்லை. கிழக்கு ஜன்னல் பாட்டிலுக்கு இடப்பக்கம் வரும்படி மேசையைத் திருப்பினோம்; எல்லா நிழலும் வலப்பக்கமே விழும். கைப்பேசியை ஸ்டாண்டில், லென்ஸ் பாட்டிலின் நடு உயரத்துக்கு நேராக வரும்படி நிறுத்தினோம். பாட்டில் நிற்க வேண்டிய இடத்தைப் பேப்பரில் பென்சிலால் வட்டமிட்டு, ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டினோம்.

பெயரையும் விலையையும் படத்தின் மேல் எழுதுவதை நிறுத்தினோம். விலை தலைப்புரையில் வரும். அதை எந்தக் கட்டமும் வெட்டாது, விலை மாறினால் திருத்தவும் முடியும்.

நிப்பட்டுத் தட்டு

பாட்டில்கள் ஒரு காலையில் முடிந்தன. நிப்பட்டுக்குத்தான் நேரம் பிடித்தது. தட்டையான வட்டப் பண்டத்தைப் பக்கத்திலிருந்து எடுத்தால் வெறும் விளிம்புதான் தெரியும் என்பதால், ஒன்பது அங்குலத் தட்டில் அடுக்கி மேலிருந்து எடுத்தோம். இங்கே நெருக்கடி உயரத்தில் இல்லை, அகலத்தில்.

முதல் முறை தட்டு 990 பிக்சல் அகலத்தில், இரு பக்கமும் 45 பிக்சல் மட்டும் விட்டு நின்றது. தனிப் படமாக நிறைவாக இருந்தது. கிரிட்டில் பக்கத்துக்கு 34 போனதும் 11 பிக்சல்தான் மிஞ்சியது. கிரிட்டில் படங்களுக்கு நடுவே மெல்லிய இடைவெளி மட்டுமே இருப்பதால், தட்டின் விளிம்பு அடுத்த படத்தோடு முட்டிக்கொண்டு நின்றது. அக்கா அதைப் பார்த்து, "பந்தியில இலைமேல இலை போட்ட மாதிரி இருக்குதுங்க" என்றார். மிகச் சரியான பார்வை.

கேமராக் கட்டக்கோடுகளில் ஓரத்துக் கட்டத்தின் அகலத்தில் கால் பங்கை இரு பக்கமும் விடுவது என்று மாற்றினோம். அது பக்கத்துக்கு 90 பிக்சல். தட்டு 900 பிக்சல் அகலம். கிரிட்டில் 56 பிக்சல் மிஞ்சும், சதுரத்தில் நாற்புறமும் 90. இதற்காகக் கைப்பேசியைத் தட்டுக்கு மேலே ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டியிருந்தது. கைப்பேசி சற்றே சாய்ந்தாலும் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். திரையில் தோன்றும் இரண்டு கூட்டல் குறிகளும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும் வரை காத்திருந்து எடுத்தோம். அப்படிக் குறி காட்டாத கைப்பேசியாக இருந்தால், தட்டின் இடது விளிம்புக்கும் வலது விளிம்புக்கும் உள்ள இடைவெளியை, பிறகு மேலுக்கும் கீழுக்கும் உள்ளதை, கோடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

தொடர்ந்து நடந்தவை

மார்ச் முதல் வாரத்தில் புதுப் படங்கள் 4:5ஆக வெட்டப்பட்டு ஏறின. முதல் நாள் லேபிள் எழுத்துகள் சற்று மங்கலாகத் தெரிந்தன. படங்கள் அக்காவின் கைப்பேசியில் எடுக்கப்பட்டு, வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாகத் தம்பிக்கு அனுப்பப்பட்டிருந்தன. அந்த வழியில் படம் சுருங்கி, அழுத்தப்பட்டே வந்து சேரும். கோப்பாக, அதாவது Document ஆக அனுப்பச் சொன்னேன், சரியாயிற்று. படத்தின் விவரத்தைத் திறந்து பிக்சல் எண்ணிக்கையைப் பார்த்தால் எது மூலப் படம், எது சுருங்கியது என்பது ஒரு நொடியில் தெரியும்.

ஏப்ரலில் வந்த சிக்கல் என்னுடைய தவறால் வந்தது. எல்லாப் பாட்டிலும் மூன்றில் இரண்டு பங்கு நிற்க வேண்டும் என்ற விதியை 200 கிராம் பாட்டிலுக்கும் பயன்படுத்தியிருந்தேன். அதற்காகக் கைப்பேசியை முன்னால் நகர்த்தி எடுத்தோம். கிரிட் ஒரே சீராக இருந்தது. தருமபுரியிலிருந்து 200 கிராம் தொக்கு வாங்கிய ஒருவர், படத்தில் பெரிய பாட்டிலாகக் காட்டிவிட்டுச் சிறியதை அனுப்பியதாக வருத்தத்தோடு எழுதினார். அவர் சொன்னதில் தவறில்லை. 10 சென்டிமீட்டர் பாட்டிலும் 14 சென்டிமீட்டர் பாட்டிலும் ஒரே உயரத்தில் நின்றால், பார்ப்பவருக்கு அளவை அறிய வேறு ஆதாரம் இல்லை. எடை லேபிளில் சிறிய எழுத்தில் இருந்தது. கிரிட்டில் அது தெரியவே தெரியாது.

அக்காவை இது மிகவும் பாதித்தது. "ஏமாத்தறவங்கனு ஒருத்தர் நெனச்சா போதும் அண்ணா, அப்புறம் படம் நல்லா இருந்து என்ன" என்றார். அந்த வாடிக்கையாளருக்கு அவர் வேறொரு பாட்டில் அனுப்பினார். நாங்கள் 200 கிராம் பாட்டில்கள் அனைத்தையும் மறுபடி எடுத்தோம். இம்முறை ஸ்டாண்ட் 500 கிராமுக்கு நின்ற அதே இடத்தில், அதே 2x. பாட்டிலின் அடி அதே பென்சில் வட்டத்தில். சிறிய பாட்டில் ஏறத்தாழ 685 பிக்சல் உயரம் நின்றது, ஃபிரேமில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அடி ஒரே கோட்டில் இருந்ததால் வரிசை கலையவில்லை. உயரம் மட்டும் மாறியது, கடை அலமாரியில் இருப்பது போலவே. வெற்றிடம் மேலே கூடியது உண்மைதான். ஆனாலும் உண்மையான அளவு தெரிவதற்காக அதை ஏற்றுக்கொள்ளலாம் என்று நாங்கள் மூவரும் ஒப்புக்கொண்டோம்.

கூடவே, ஒவ்வொரு பதிவிலும் இரண்டாவது படமாக இரு பாட்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய படத்தைச் சேர்க்க முடிவு செய்தோம். தம்பி அதைக் கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து எடுத்தார். பல படங்கள் கொண்ட பதிவில் முதல் படத்தின் விகிதமே மற்றவற்றுக்கும் பொருந்தும் என்பதால், கிடைப்படத்தின் இரு பக்கங்களும் 4:5க்குள் வெட்டுப்பட்டு, பெரிய பாட்டிலின் பாதி காணாமல் போனது. ஏற்றுவதற்கு முன்பே இதைக் கண்டுகொண்டோம். நிமிர்த்திப் பிடித்து, ஸ்டாண்டை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளி மறுபடி எடுத்தோம்.

மே மாதக் கடைசியில் 3:4 படங்களையே நேராக ஏற்றும் வசதி இன்ஸ்டாகிராமில் வந்தது. மூலப் படங்கள் 3:4இல் இருந்ததால், அதன் பிறகான பதிவுகளுக்கு வெட்டாமலே அவற்றை ஏற்றினோம். ஃபீடிலும் கிரிட்டிலும் இப்போது ஒரே வடிவம். எந்தப் படத்தையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கவில்லை. 4:5இல் ஏறிய பழைய பதிவுகளையும் மாற்றவில்லை. இரண்டும் கிரிட்டில் கலந்து நிற்கும்போது வேறுபாடு தெரியவில்லை.

விளைவு

ஜூலையில் பக்கத்தை மறுபடி பார்த்தபோது, கிரிட்டில் எந்தப் பொருளும் வெட்டுப்படவில்லை, கேட்டலாகில் எந்த மூடியும் மறையவில்லை. விலை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதாகவோ அளவு ஏமாற்றமளித்ததாகவோ ஏப்ரலுக்குப் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை என்று தம்பி சொன்னார். விற்பனை கூடியிருக்கிறது, ஆனால் அது மாங்காய்ப் பருவத்தின் மாதங்கள், ஒவ்வோர் ஆண்டும் அப்போது கூடத்தான் செய்யும். ஆகவே அதைப் படங்களின் கணக்கில் நான் எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும் தீரவில்லை. பூண்டு ஊறுகாயும் மாங்காய் ஊறுகாயும் கிரிட்டில் இன்னும் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஃபிரேமை எப்படி அமைத்தாலும் 360 பிக்சல் கட்டத்தில் அந்த லேபிள் எழுத்தைப் படிக்க முடியாது. பாட்டிலின் முன்னால் இரண்டு பல் பூண்டும், மற்றதன் முன்னால் ஒரு கீற்று மாங்காயும் வைத்துப் பார்த்தோம்; ஓரளவுக்கு உதவியது.

மறுபடி செய்தால் மாற்றிக்கொள்வது

முதல் நாளிலேயே எல்லா அளவுப் பாட்டில்களையும் ஒன்றாக வைத்து, அவற்றில் மிகப் பெரியதற்கு ஸ்டாண்டின் தொலைவை அமைத்துவிட்டு, அதன் பிறகு அதை நகர்த்தவே மாட்டேன். மூன்றில் இரண்டு பங்கு என்பது பெரிய பாட்டிலுக்கான வரம்பு. எல்லாவற்றுக்குமான அளவு அன்று. இந்த வேறுபாட்டை நான் பிப்ரவரியில் யோசித்திருந்தால் தருமபுரி வாடிக்கையாளருக்கு அந்த வருத்தம் நேர்ந்திருக்காது.

ஏற்றுவதற்கு முன்னால் சோதிக்கும் முறையையும் முன்கூட்டியே சொல்லித் தந்திருப்பேன். இப்போது தம்பி, படத்தைக் கைப்பேசியின் கேலரியில் வரிசைக்கு மூன்று படம் தெரியும்படி சுருக்கி வைத்து, கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கிறார். பிறகு எடிட்டில் 4:5, 1:1 என்ற இரண்டு வெட்டுகளையும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, சேமிக்காமல் வெளியே வருகிறார். ஒரு படத்துக்கு அரை நிமிடம் ஆகிறது. நிப்பட்டுத் தட்டு முட்டிக்கொண்டதை இந்தச் சோதனையில் முதல் படத்திலேயே கண்டிருக்கலாம்.

லேபிளைப் பொறுத்தவரை, கையிருப்பில் உள்ள கட்டு தீர்ந்ததும் பூண்டுக்குப் பச்சையும் மாங்காய்க்கு மஞ்சளுமாக அச்சடிக்க அக்கா சொல்லியிருக்கிறார். பெயரின் எழுத்து உயரத்தை இரட்டிப்பாக்கவும், எடையைப் பெயருக்கு அடியிலேயே தடித்த எழுத்தில் போடவும் கேட்டிருக்கிறார். மாதிரி லேபிள் வந்ததும் பாட்டிலில் ஒட்டி, அதே பென்சில் வட்டத்தில் நிறுத்தி, ஒரு படம் எடுத்துக் கிரிட் அளவில் பார்த்த பிறகே மொத்த அச்சுக்குக் கொடுப்பதாக இருக்கிறோம்.